உயரமும் காற்றழுத்தமும்: மாறாத அடர்த்திக் கணக்கும் மாறாத வெப்பநிலைக் கணக்கும் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

மேலே போகப்போக காற்றழுத்தம் ஏன் குறைகிறது?

தலைக்கு மேல் இருக்கும் காற்றின் எடையைத்தான் அழுத்தம் என்கிறோம். கடல் மட்டத்தில் ஒரு சதுர மீட்டர் பரப்பின் மேல் நிற்கும் காற்றுத் தூணின் நிறை 10 டன்னுக்குச் சற்று அதிகம். மேலே ஏறும்போது அந்தத் தூணின் அடிப்பகுதி நமக்குக் கீழே போய்விடுகிறது. மீதிப் பகுதியை மட்டும்தான் நாம் சுமக்கிறோம்.

இதைச் சூத்திரமாக எழுத, தூணில் Δz தடிமனுள்ள ஒரு மெல்லிய அடுக்கை மட்டும் எடுத்துக்கொள்வோம். அடுக்கின் அடியிலுள்ள அழுத்தத்துக்கும் மேலுள்ள அழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசம், அந்த அடுக்கின் எடையாகத்தான் இருக்க முடியும்.

```
Δp = −ρ · g · Δz
```

இதில் ρ காற்றின் அடர்த்தி, g புவியீர்ப்பு முடுக்கம். காற்று மேலும் கீழுமாக வேகமாக முடுக்கப்படாத வரை இது எந்தக் காற்றுக்கும் பொருந்தும். ஒரே சிக்கல் ρ-தான். அது உயரத்தோடு எப்படி மாறுகிறது என்று இந்தச் சூத்திரம் சொல்வதில்லை. அதை நாம்தான் கொடுக்க வேண்டும்.

புத்தகத்தில் இதற்கு இரண்டு சூத்திரம் இருக்கிறது. ஒன்று நேர்கோடு, இன்னொன்று e போட்டது. எது சரி?

இரண்டுமே மேலே சொன்ன அதே சூத்திரத்திலிருந்து வருபவை. ρ பற்றி எடுத்துக்கொண்ட அனுமானம் மட்டும் வேறு.

முதலாவதில் காற்றைத் தண்ணீர் மாதிரி அழுங்காத பொருளாக எடுத்துக்கொள்கிறோம். தரையில் இருக்கும் அடர்த்தியே உச்சி வரை இருக்கும். இரண்டாவதில் அடர்த்தியை மாற விட்டு, வெப்பநிலையை நிலையாக வைக்கிறோம், இதைத்தான் சமவெப்பக் காற்று என்கிறோம். வெப்பநிலை மாறாவிட்டால் வாயுவின் அடர்த்தி அழுத்தத்துக்கு நேர் விகிதத்தில் இருக்கும். அழுத்தம் பாதியானால் அடர்த்தியும் பாதி.

```
மாறாத அடர்த்தி:     p = p0 · (1 − z/H)
மாறாத வெப்பநிலை:  p = p0 · exp(−z/H)
H = p0/(ρ0·g) = R·T/(M·g)
```

இதில் p0, ρ0 தரையிலுள்ள அழுத்தமும் அடர்த்தியும், z உயரம், T கெல்வினில் வெப்பநிலை, R வாயு மாறிலி, M காற்றின் மோலார் நிறை.

கடனை அடைப்பதோடு ஒப்பிட்டால் விளங்கிவிடும். மாதாமாதம் ஒரே தொகையைக் கட்டினால் ஒரு நாள் கடன் தீர்ந்துவிடும். மீதியில் இத்தனை சதவீதம் என்று கட்டினால் கட்டும் தொகையும் குறைந்துகொண்டே போகும், கடன் முழுதாகத் தீரவே தீராது. முதலாவது நேர்கோடு, இரண்டாவது e போட்ட வளைகோடு.

எண்களோடு பார்ப்போம். தரையில் 1013 ஹெக்டோபாஸ்கல், 15 டிகிரி செல்சியஸ், அடர்த்தி கன மீட்டருக்கு 1.225 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். மாறாத அடர்த்தியில் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 120 ஹெக்டோபாஸ்கல் குறையும். 893, 773, 653 என்று இறங்கி 8 கிலோமீட்டரில் 52 மட்டுமே மிஞ்சும். மாறாத வெப்பநிலையில் ஒவ்வொரு கிலோமீட்டரிலும் இருப்பதில் 11.2 சதவீதம் குறையும். 900, 799, 710 என்று போய் 8 கிலோமீட்டரில் 392 இருக்கும். முதல் கிலோமீட்டரில் இரண்டுக்கும் வித்தியாசம் 7 ஹெக்டோபாஸ்கல்தான். எட்டாவதில் 340.

இரண்டு சூத்திரத்திலும் அதே H, சுமார் 8.4 கிலோமீட்டர் வருகிறதே. தற்செயலா?

இல்லை. இந்தப் பாடத்திலேயே எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. இதற்கு இரண்டு காரணங்களைச் சொல்லலாம்.

ஒன்று, தரையை ஒட்டிய நிலைமை. தரையில் இரண்டு காற்றுக்கும் அடர்த்தி ஒன்றே. அதனால் அங்கே அழுத்தம் குறையும் வேகமும் ஒன்றேதான். படம் போட்டுப் பாருங்கள்: தரையில் வளைகோட்டுக்கு ஒரு தொடுகோடு வரைந்தால், அந்தத் தொடுகோடுதான் மாறாத அடர்த்திக்கான நேர்கோடு. அது p பூஜ்யமாகும் இடத்தைத் தொடும் உயரம் H. ஆக, மாறாத அடர்த்திக் கணக்கு தனி ஒரு வளிமண்டலம் அல்ல, உண்மைக் காற்றைத் தரையில் நின்று பார்த்து அந்தப் போக்கையே மேல்வரை நீட்டியது.

இன்னொன்று, மொத்தக் காற்றின் அளவு. தரையில் அழுத்தம் இரண்டிலும் ஒன்று என்றால், மேலே இருக்கும் மொத்தக் காற்றும் ஒன்றுதான். மேலே மெலிந்து பரவிக் கிடக்கும் காற்றை எல்லாம் தரை அடர்த்திக்கு அமுக்கிக் கொண்டுவந்தால் அதன் தடிமன் 8.4 கிலோமீட்டர் வரும்.

சிலர் H-ஐ ‘வளிமண்டலத்தின் உயரம்’ என்று படித்துவிட்டு, சமவெப்பக் காற்று 8.4 கிலோமீட்டரோடு முடிவதாக நினைக்கிறார்கள். சமவெப்பக் காற்றில் H உயரத்தில் இன்னும் 37 சதவீத அழுத்தம் மிச்சம் இருக்கிறது.

எவ்வளவு உயரம் வரை நேர்கோட்டுச் சூத்திரமே போதும்?

இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் தோராயமாக p0·(z/H)²/2. உயரத்தின் வர்க்கத்தோடு வளர்வதால், தாழ்வான இடத்தில் கண்ணுக்கே தெரியாது, அப்புறம் சட்டென்று பெரிதாகும்.

அடுக்குமாடிக் கட்டடத்தில் 30 மீட்டர் லிப்டில் ஏறுகிறீர்கள் என்று வையுங்கள். நேர்கோட்டுக் கணக்குப்படி 360 பாஸ்கல், அதாவது 3.6 ஹெக்டோபாஸ்கல் குறையும். சமவெப்பக் கணக்கோடு இதற்குள்ள வித்தியாசம் 1 பாஸ்கல்கூட இல்லை. பாரோமீட்டர் உணரி உள்ள கைபேசியில் அழுத்தம் காட்டும் செயலியைத் திறந்து வைத்துக்கொண்டு லிப்டில் போனால் ஒவ்வொரு மாடிக்கும் 0.35 ஹெக்டோபாஸ்கல் அளவு இறங்குவதைப் பார்க்கலாம். இந்த அளவில் e-யைக் கொண்டுவந்து ஒரு பயனும் இல்லை. 1 ஹெக்டோபாஸ்கலுக்கு 8.3 மீட்டர் என்ற ஒரே எண் போதும்.

இங்கே பிழை வரும் இடம் வேறு. நம் ஊர்களில் வானிலை அமைதியாக இருக்கும் நாளில்கூடக் காற்றழுத்தம் தினமும் இருமுறை ஏறி இறங்கும். காலை 10 மணி சுமாருக்கு உச்சம், மாலை 4 மணி சுமாருக்குத் தாழ்வு. வெப்பமண்டலப் பகுதியில் இந்த இறக்கம் சுமார் 3 ஹெக்டோபாஸ்கல் இருக்கும். மேசையில் அசையாமல் கிடக்கும் கைபேசி, காலையிலிருந்து மாலைக்குள் 25 மீட்டர் ஏறிவிட்டதாகக் கணக்குக் காட்டும்! அதனால் அளவு எடுப்பதானால் கீழேயும் மேலேயும் சில நிமிட இடைவெளிக்குள் எடுங்கள். முடிந்தால் மறுபடி கீழே வந்து ஒருமுறை சரிபாருங்கள். தரை மதிப்பு மாறியிருந்தால் வானிலை குறுக்கே வந்திருக்கிறது.

ஒரு கிலோமீட்டரைத் தாண்டிவிட்டால் நேர்கோட்டை விட்டுவிடுவதே நல்லது.

பெரிய உயரத்தில் இரண்டும் என்ன சொல்கின்றன? உண்மையான அளவோடு ஒப்பிட்டுக் காட்ட முடியுமா?

எவரெஸ்டை எடுத்துக்கொள்வோம். உயரம் 8,849 மீட்டர். உச்சியில் பாரோமீட்டர் வைத்து அளந்திருக்கிறார்கள் என்பதால் ஒப்பிட வசதியான இடம்.

மாறாத அடர்த்தியில் வளிமண்டலம் 8,434 மீட்டரோடு முடிந்துவிடுகிறது. எவரெஸ்டின் உச்சி அதற்கும் 415 மீட்டர் மேலே, வெற்றிடத்தில் நிற்கும். சூத்திரத்தில் அப்படியே எண்ணைப் போட்டால் −50 ஹெக்டோபாஸ்கல் என்று வரும். வாயுவுக்கு எதிர்மறை அழுத்தம் கிடையாது. விடை எதிர்மறையாக வந்தால் அனுமானம் அதன் எல்லையைத் தாண்டிவிட்டது என்று அர்த்தம்.

15 டிகிரியில் சமவெப்பக் காற்று என்றால் 1013 × exp(−8849/8434), அதாவது 355 ஹெக்டோபாஸ்கல்.

உண்மையில் எவ்வளவு? ஜான் வெஸ்ட் தலைமையில் 1981-இல் போன அமெரிக்க மருத்துவ ஆய்வுக் குழுவைச் சேர்ந்த கிறிஸ்டோபர் பிஸ்ஸோ, அக்டோபர் 24 அன்று உச்சியில் அளந்தது 253 மில்லிமீட்டர் பாதரசம். நம் அலகில் 337 ஹெக்டோபாஸ்கல்.

அதாவது சமவெப்பக் கணக்கு 5 சதவீதம்தான் அதிகம் காட்டுகிறது. இவ்வளவு எளிய அனுமானத்துக்கு இது நல்ல விடை. அதிகமாகக் காட்டுவதற்கும் காரணம் தெளிவானதுதான். மேலே உள்ள காற்று 15 டிகிரியில் இல்லை, குளிர்ந்திருக்கிறது. குளிர்ந்த காற்று அதே அழுத்தத்தில் அதிக அடர்த்தி உடையது. அதனால் ஒவ்வொரு மீட்டருக்கும் அழுத்தம் கூடுதலாகக் குறைகிறது.

இப்போது கணக்கைத் திருப்பிப் போடுவோம். 1013-லிருந்து 337 வருவதற்கு H எவ்வளவு இருக்க வேண்டும்? ln(1013/337) = 1.10. 8849-ஐ இதால் வகுத்தால் 8,045 மீட்டர். கெல்வினுக்கு 29.27 மீட்டர் வீதம் வெப்பநிலையாக மாற்றினால் 275 கெல்வின், சுமார் 2 டிகிரி செல்சியஸ். கடல் மட்டத்திலிருந்து உச்சி வரையிலான தூணின் சராசரி வெப்பநிலை அது. கீழே வெயில், மேலே உறைபனி என்ற இடத்தில் இது நம்பக்கூடிய சராசரிதான். சமவெப்பச் சூத்திரத்தில் T என்ற இடத்தில் தரை வெப்பநிலைக்குப் பதில் இப்படித் தூணின் சராசரியைப் போட்டால், அது தோராயம் என்ற நிலையிலிருந்து வேலைக்கு உதவும் கருவியாகிவிடுகிறது. வானிலைக்காரர்கள் பலூன் அளவுகளிலிருந்து உயரம் கணக்கிடுவதும் இந்த வழியில்தான்.

விமானத்துக்கான திட்ட வளிமண்டல அட்டவணையில் எவரெஸ்ட் உயரத்துக்கு 314 என்று இருக்கிறதே? அது ஏன் பொருந்தவில்லை?

அந்த அட்டவணை தரையில் 15 டிகிரி, ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 6.5 டிகிரி குறைவு என்று வைத்துக்கொள்கிறது. இது நடு அட்சரேகைகளுக்கான சராசரி. எவரெஸ்ட் இருப்பது 28 பாகை வடக்கில். அங்கே தாழ்வளிமண்டலம் இன்னும் வெதுவெதுப்பானது, தடிமனானது. வெதுவெதுப்பான தூணில் அழுத்தம் மெதுவாகக் குறையும் என்பதால் உச்சியில் கூடுதலாக மிஞ்சுகிறது.

314 ஹெக்டோபாஸ்கல் என்பது 236 மில்லிமீட்டர் பாதரசம். அளந்தது 253. வித்தியாசம் 17 மில்லிமீட்டர்தான், ஆனால் அங்கே மனிதன் மூச்சு விடும் எல்லையே அதற்குள் இருக்கிறது. மெஸ்னரும் ஹாபலரும் 1978 மே மாதம் ஆக்சிஜன் உருளை இல்லாமல் உச்சிக்குப் போய்த் திரும்பினார்கள். அட்டவணை அழுத்தமே உண்மையாக இருந்திருந்தால் அது நடந்திருப்பது மிகக் கடினம் என்பது வெஸ்டின் வாதம். குளிர்காலத்தில் தூண் குளிரும்போது உச்சியின் அழுத்தமும் சுமார் 10 மில்லிமீட்டர் இறங்கிவிடுகிறது. மலை அதே உயரம்தான், ஏறுபவரின் நுரையீரலுக்கு மட்டும் உயரம் கூடிவிடும்.

மாறாத அடர்த்திக் காற்று உண்மையில் எங்காவது இருக்கிறதா, இல்லை கணக்குக்காக மட்டும்தானா?

முதலில் அதற்கு எப்படிப்பட்ட வெப்பநிலை வேண்டும் என்று பாருங்கள். அழுத்தம் குறையும்போதும் அடர்த்தி குறையாமல் இருக்க, காற்று அதே விகிதத்தில் குளிர்ந்துகொண்டே போக வேண்டும். T = T0·(1 − z/H). கிலோமீட்டருக்கு 34 டிகிரி! 8.4 கிலோமீட்டரில் தனிப்பூஜ்யத்துக்கே போய்விடும். உண்மையான சராசரி 6.5 டிகிரிதான். வறண்ட காற்று கலந்து புரளும்போதுகூட 9.8-ஐத் தாண்டுவதில்லை, ஏனென்றால் அதற்கு மேல் குளிர்ந்தால் கீழுள்ள வெதுவெதுப்பான காற்று தானாகவே மேலெழுந்து அதைச் சமன் செய்துவிடும். ஆகவே, முழு வளிமண்டலமாக இது இருக்கவே முடியாது.

ஆனால் தரையை ஒட்டிய சில சென்டிமீட்டர்களில் நிலைமை வேறு. சித்திரை வெயிலில் தார்ச்சாலை கொதிக்கிறது. சாலையைத் தொட்டிருக்கும் காற்றுக்கும் முழங்கால் உயரத்துக் காற்றுக்கும் பல டிகிரி வித்தியாசம் வரும். கிலோமீட்டருக்கு 34 டிகிரி என்றால் ஒரு மீட்டருக்கு 0.034 டிகிரிதான், சாலை மேல் இருப்பது அதைப் போல நூறு மடங்குக்கும் அதிகம். அங்கே அடர்த்தி மேலே போகப்போக கூடுகிறது. மேலிருந்து சாய்வாக வரும் வானத்து ஒளி இந்த மெலிந்த அடுக்கில் வளைந்து, மறுபடி மேல்நோக்கித் திரும்பி நம் கண்ணுக்கு வருகிறது. சாலையில் தண்ணீர் தேங்கியிருப்பது மாதிரி தெரிகிறதே, அந்தக் கானல் நீர் இதுதான். கிலோமீட்டருக்கு 34 டிகிரி என்ற அந்த எல்லைக்கு இந்தப் பக்கம் அடர்த்தி மேலே குறையும், அந்தப் பக்கம் மேலே கூடும்.

மாறாத வெப்பநிலைக் காற்று?

அது நிஜமாகவே இருக்கிறது. திட்ட வளிமண்டலத்தில் 11 கிலோமீட்டரிலிருந்து 20 கிலோமீட்டர் வரை வெப்பநிலை −56.5 டிகிரியிலேயே நிற்கிறது. அங்கே H = 6.34 கிலோமீட்டர். 11 கிலோமீட்டரில் 226 ஹெக்டோபாஸ்கல் என்று தொடங்கி exp(−9/6.34) போட்டால் 20 கிலோமீட்டருக்கு 54.7 வரும். அட்டவணையில் இருப்பதும் அதுதான், அந்த அடுக்குக்கு அட்டவணையே இந்தச் சூத்திரத்தால் போடப்பட்டது.

e சூத்திரத்தில் அழுத்தம் பூஜ்யமே ஆகாதே. அப்படியானால் வளிமண்டலத்துக்கு முடிவே இல்லையா?

கூர்மையான எல்லை இல்லை என்பது சரி. ஆனால் சூத்திரத்தை அவ்வளவு தூரம் நம்பக்கூடாது. 15 டிகிரி என்று வைத்து 100 கிலோமீட்டருக்குப் போட்டால் 0.7 பாஸ்கல் வரும். உண்மையில் அங்கே சுமார் 0.03 பாஸ்கல்தான். இருபது மடங்குக்கும் மேல் பிழை. எவரெஸ்டில் 5 சதவீதமாக இருந்தது, வெப்பநிலைப் பிழை e-யின் அடுக்கில் உட்கார்ந்திருப்பதால் இப்படிப் பெருகிவிட்டது.

சூத்திரம் சரியாகத்தான் போட்டேன், விடை தப்பாக வருகிறது. எங்கே பார்ப்பது?

முதலில் H-ஐ மட்டும் தனியாகக் கணக்கிட்டுப் பாருங்கள். 7-லிருந்து 9 கிலோமீட்டருக்குள் வர வேண்டும். 439 மீட்டர் வந்தால் 15 டிகிரியை கெல்வினாக மாற்றாமல் அப்படியே போட்டிருக்கிறீர்கள். 8.4 மீட்டர் வந்தால் மோலார் நிறையைக் கிராமில் போட்டுவிட்டீர்கள், 28.96 அல்ல, 0.02896 கிலோ.

8.0 கிலோமீட்டர் வந்தால் அது பிழை இல்லை. பல பள்ளிக் கணக்குகளில் அடர்த்தி 1.29 என்று கொடுத்திருப்பார்கள், அது 0 டிகிரிக் காற்றுக்கானது. 1.29-ஐயும் 15 டிகிரியையும் ஒரே கணக்கில் கலக்காதீர்கள் என்பது மட்டும்தான் விஷயம். ஒன்று p0, T கொடுத்து ρ0-வைக் கண்டுபிடியுங்கள், அல்லது p0, ρ0 கொடுத்து T-யை விட்டுவிடுங்கள்.

e, ln எதுவும் இல்லாமல் கொஞ்சம் துல்லியமாகக் கணக்கிட வழி உண்டா?

உண்டு. மாறாத அடர்த்திச் சூத்திரத்தையே வைத்துக்கொண்டு, அடியிலுள்ள அடர்த்திக்குப் பதில் அடிக்கும் உச்சிக்கும் இடைப்பட்ட சராசரி அடர்த்தியைப் போடுங்கள்.

```
z = H · 2·(p1 − p2)/(p1 + p2)
```

கீழே 900, மேலே 800 ஹெக்டோபாஸ்கல், சராசரி வெப்பநிலை 10 டிகிரி என்று வையுங்கள். H = 8,288 மீட்டர். அடியின் அடர்த்தியை மட்டும் எடுத்தால் உயரம் 921 மீட்டர் வரும், உச்சியின் அடர்த்தியை எடுத்தால் 1,036. சராசரியை எடுத்தால் 975. சரியான சமவெப்ப விடை 976 மீட்டர். ஒரு மீட்டர்தான் வித்தியாசம். இந்தக் கணக்கில் சராசரி வெப்பநிலையை 1 டிகிரி தப்பாக எடுத்தாலே 3 மீட்டருக்கு மேல் மாறிவிடும், அதனால் ln போட்டுக் கிடைக்கும் கூடுதல் துல்லியத்தைவிட வெப்பநிலையைச் சரியாக அளப்பதில் நேரம் செலவிடுவது மேல். அழுத்தம் பாதியாகும் அளவுக்கு ஏறினால் இந்தக் குறுக்குவழி 4 சதவீதம் குறைத்துக் காட்டும். அங்கே ln-ஐப் போட்டுவிடுங்கள், அல்லது தூரத்தை இரண்டு மூன்று துண்டாக வெட்டி ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக இதைப் போட்டுக் கூட்டுங்கள்.